ஒரு மாசம் ஊரில் இருக்க மாட்டேன்: ஜிஎஸ்டி வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது?

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டில் இருந்தபடியே கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டன் போட்டுக் கொடுக்கிறேன். பிராக்டிஷனர் பதிவும் இருக்கு. சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம். ஜனவரி 7 கிளம்பினால் பிப்ரவரி 7 வாக்கில்தான் திரும்புவேன். மன்னார்குடியில் பைப், மோட்டார் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் கடை ஆரம்பித்த நாளிலிருந்து என்னிடம்தான் வருகிறார், மாதாமாதம் ரிட்டன். யூசர் ஐடி, பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் என் போனில்தான். "அங்கேருந்தே பார்த்துக்கறேன்" என்று ஒரு வாட்ஸ்அப் போட்டால் போதுமா? வேறு ஆளிடம் விட்டுப் போனால் அப்படியே அங்கேயே போய்விடுவாரோ என்றும் பயம். அவருக்கு என்னதான் எழுதுவது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போதாதும்மா. முதலில், மகள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து வரட்டும், அந்த ஒரு மாதம் உங்கள் கவனம் அங்கே இருக்கட்டும். அதனால்தான் "அங்கேருந்தே பார்த்துக்கறேன்" என்ற வரியை எழுதவே வேண்டாம் என்கிறேன். ரிட்டனுக்குக் கடைசி நாளான 20-ந் தேதி சாயங்காலம் நீங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பீர்களா, வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பீர்களா என்று இப்போது யாருக்கும் தெரியாது. செய்ய முடியுமா என்று தெரியாத ஒன்றைச் செய்கிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டால், அந்த அண்ணன் அதை நம்பி வேறு ஏற்பாடு எதுவும் செய்யாமல் இருந்துவிடுவார்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு ஒரு வரி. ஓடிபி உங்கள் போனுக்கு வருகிறது என்பது. நம்ம பக்கத்தில் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை, பதிவு எடுக்கும்போது கடைக்காரர் "நீங்களே பார்த்துக்குங்க, எனக்கு அதெல்லாம் வேணாம்" என்பார், நாமும் அவசரத்துக்கு நம் நம்பரையும் நம் ஜிமெயிலையும் போட்டுவிடுவோம், அப்புறம் வருஷக்கணக்கில் அப்படியே ஓடும். ஊரில் இருக்கும்வரை இது வசதி. ஊரை விட்டுப் போகும்போது, வேலையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனால் கையெழுத்து உங்கள் போனோடு விமானம் ஏறிவிடும். ரிட்டனைத் தயார் செய்ய ஆயிரம் பேர் கிடைப்பார்கள், அந்த ஓடிபி இல்லாமல் ஒருத்தராலும் ஃபைல் பண்ண முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா துபாய் போனபோது இப்படித்தான் ஆனது. போன இடத்தில் புது சிம் போட்டார், பழைய சிம்முக்கு ரோமிங் போடவில்லை. சரி, ஓடிபி இமெயிலுக்கும் வருமே என்று மகனுடைய லேப்டாப்பில் ஜிமெயிலைத் திறக்கப் பார்த்தால், புது இடம், புது கருவி என்று கூகுள் ஒரு சரிபார்ப்புக் குறியீடு கேட்கிறது. அது போனதும் அதே பழைய நம்பருக்குத்தான். இரண்டு வாசலும் ஒரே சாவி. இங்கே கடைக்காரர் பணத்தைக் கட்டி வைத்துக்கொண்டு, ரிட்டன் போட முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன்னால் இந்த ஒரு வேலையை முடித்துவிடுங்கள். அவருடைய ஜிஎஸ்டி பதிவில் ஆதரைஸ்டு சிக்னேட்டரி பகுதியில் இருக்கும் மொபைல் நம்பர், இமெயில் இரண்டையும் அவருடையதாக மாற்றுங்கள். போர்ட்டலில் `Services > Registration > Amendment of Registration Non-Core Fields` என்று போனால் வரும். இது நான்-கோர் திருத்தம் என்பதால் அதிகாரி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள், புது நம்பரைச் சரிபார்க்க அவர் போனுக்கு ஓடிபி போகும், அந்தத் திருத்தத்தையே கையெழுத்திட்டு அனுப்ப இப்போது பதிவில் இருக்கும் நம்பருக்கு, அதாவது உங்கள் போனுக்கு, ஓடிபி வரும். இரண்டு போனும் பக்கத்தில் இருந்தால்தான் வேலை சுலபமாக முடியும். மன்னார்குடி ஒன்றும் தூரம் இல்லை, ஒரு காலையில் பஸ் ஏறிப் போய் அவர் கல்லா மேஜையிலேயே உட்கார்ந்து முடித்துவிட்டு வாருங்கள். இமெயிலும் அவர் தினமும் திறக்கிறதாக இருக்கட்டும், இதற்கென்றே ஒன்றைப் புதிதாக ஆரம்பித்துக் கொடுத்து அவர் அதை மறந்துபோவதில் பிரயோஜனம் இல்லை.

உங்கள் மற்ற வாடிக்கையாளர்களில் யாராவது பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவோ எல்எல்பி-யாகவோ இருந்தால் அவர்களுக்கு ஓடிபி கையெழுத்து செல்லாது, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வேண்டும். அந்த யுஎஸ்பி டோக்கன் உங்கள் மேஜை டிராயரில் கிடந்தால், கிளம்புவதற்கு முன் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். அது அவர்களுடைய கையெழுத்து, நம்மிடம் இருப்பதே சரியில்லை.

அடுத்து, யார் செய்வது. கும்பகோணம், திருவாரூர் பக்கம் உங்களுக்குத் தெரிந்த, பதிவுள்ள பிராக்டிஷனர் ஒருவரைப் பிடியுங்கள். பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம். அந்த அண்ணனுடைய லாகினில் `Services > User Services > Engage / Disengage GST Practitioner` என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே அந்த நபருடைய பதிவு எண்ணைப் போட்டு அழைத்தால், அவர் தன் லாகினில் ஏற்றுக்கொள்வார். அதற்கப்புறம் அவர் தன்னுடைய லாகினிலிருந்தே ரிட்டனைத் தயார் செய்து வைக்கலாம், ஃபைல் ஆக வேண்டுமென்றால் கடைக்காரர் பார்த்து, தன் ஓடிபி-யைப் போட வேண்டும். நீங்கள் திரும்பி வந்ததும் அதே இடத்தில் விடுவித்துவிடலாம். பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் அதை மாற்ற வேண்டும், யார் எதைப் பார்த்தார்கள் என்ற சந்தேகம் வேறு வரும், இதில் அந்தச் சங்கடம் எதுவும் இல்லை.

அவர் அங்கேயே போய்விடுவாரோ என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம்தான், வருமானம் அது. ஆனால் என் அனுபவத்தில் கடைக்காரர்கள் ஆள் மாறுவது, மாற்று ஆள் ரொம்ப நன்றாகச் செய்துவிட்டார் என்பதற்காக அல்ல. ஒரு மாதம் யாரும் பதில் சொல்லாமல், நோட்டீஸ் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதற்காகத்தான். மாற்று ஆளை நீங்களே அறிமுகப்படுத்துங்கள். கடைக்காரர் வழக்கமான ஃபீஸை உங்களுக்கே தரட்டும், அந்த மாத வேலைக்கு உள்ளதை நீங்கள் மாற்று ஆளுக்குக் கொடுங்கள். பணம் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியில்தான் பொறுப்பும் இருக்கும், யாருடைய வாடிக்கையாளர் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. அவருக்கு ஒரு கல்யாணம் காட்சி என்றால் அவருடைய ஆட்களை நீங்கள் பார்த்துக்கொள்வதாகவும் பேசிக்கொள்ளுங்கள். தனியாகத் தொழில் பண்ணும் நமக்கெல்லாம் அப்படி ஒரு ஆள் எப்படியும் வேண்டும்.

இனி தேதிகள். உங்கள் பயணத் தேதி ஒரு வகையில் நல்ல தேதி. டிசம்பர் மாத விற்பனைக்கான ஜிஎஸ்டிஆர்-1 ஜனவரி 11-க்குள் போக வேண்டும், ஆனால் 1-ந் தேதியிலிருந்தே போடலாம். ஆகவே அதை நீங்களே கிளம்பும் முன் போட்டுவிட்டுப் போக முடியும். ஜனவரி மாதத்து ஜிஎஸ்டிஆர்-1 பிப்ரவரி 11, அதற்குள் நீங்கள் வந்துவிடுவீர்கள். கடைக்கு ஆண்டு விற்பனை 2 கோடியைத் தாண்டியிருந்தால் ஆண்டு ரிட்டன் டிசம்பர் 31, அதுவும் நீங்கள் இருக்கும்போதே முடிகிறது. ஆக நடுவில் மாட்டுவது ஒரே ஒரு ரிட்டன், ஜனவரி 20-ந் தேதி வரி கட்டிப் போடும் 3பி. ஒரு மாதம் முழுக்க என்று மலைக்க வேண்டாம், அந்த அண்ணனைப் பொறுத்தவரை நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டியது இந்த ஒன்றுக்குத்தான். பிஎஃப், இஎஸ்ஐ இருந்தால் 15-ந் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டிஆர்-1 முன்கூட்டியே போக வேண்டுமென்றால் டிசம்பர் 31 வரைக்குமான பில் எல்லாம் ஜனவரி 3 சாயங்காலத்துக்குள் உங்கள் கையில் இருக்க வேண்டும். இதில் கறாராக இருங்கள். இது தாமதமானால் அடி அவருக்கு மட்டும் இல்லை, அவரிடம் பைப் வாங்கிய காண்டிராக்டர், சின்ன கடைக்காரர் எல்லோருக்கும்தான். அவருடைய பில்கள் 11-ந் தேதிக்குள் ஏறினால்தான் 14-ந் தேதி வரும் அவர்களுடைய கொள்முதல் வரிப் பட்டியலான 2பி-யில் தெரியும், அந்த வரியை அவர்கள் கழித்துக்கொள்ள முடியும். நீங்கள் போன பிறகு 9-ந் தேதி "ஒரு பில் விட்டுப்போச்சு" என்று அவர் சொன்னாலும் பரவாயில்லை, 3பி போடுவதற்கு முன்னால் திருத்தப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1ஏ-வில் சேர்க்கலாம். மாற்று ஆளிடம் இதைச் சொல்லிவைத்துவிடுங்கள்.

இப்போது 3பி. 2பி 14-ந் தேதி வருகிறது, கடைசி நாள் 20. பார்க்க ஆறு நாள் போலத் தெரியும், ஆனால் அது பொங்கல் வாரம். போகியிலிருந்து காணும் பொங்கல் வரை மன்னார்குடியில் எந்தக் கடையிலும் கணக்குப் பையனைப் பிடிக்க முடியாது, அவன் ஊருக்குப் போயிருப்பான். டெல்டாவில் அது சம்பா அறுப்பு நேரமும்கூட, கடைக்காரருக்கே வயல் இருந்தால் அவர் மெஷின் பின்னாலும் நெல் மூட்டை பின்னாலும் ஓடிக்கொண்டிருப்பார். நிஜத்தில் கையில் இருப்பது இரண்டு, மூன்று நாள். அதனால் கொள்முதல் கணக்கைப் பொங்கலுக்கு முன்பே முடித்து மாற்று ஆளிடம் கொடுத்துவிட வேண்டும், 2பி வந்ததும் ஒப்பிடுவது மட்டும்தான் மிச்சம் என்கிற மாதிரி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். டிசம்பரில் வரி இல்லாத விற்பனை மதிப்பு 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் 18 சதவீதம், எல்லாம் தமிழ்நாட்டுக்குள். வரி 2,16,000. கடையின் கொள்முதல் புத்தகத்தில் கழிக்க வேண்டிய வரி 1,83,000 என்று இருக்கிறது. 14-ந் தேதி 2பி-யைத் திறந்தால் 1,65,000 தான் காட்டுகிறது. 18,000 குறைகிறது. தேடிப் பார்த்தால் ஒரு லட்ச ரூபாய் மோட்டார் பில் ஒன்று, அனுப்பிய கம்பெனி அதை இன்னும் தன் ரிட்டனில் ஏற்றவில்லை. இந்த இடத்தில்தான் மாற்று ஆள் தடுமாறுவார், ஏனென்றால் கடைக்காரர் "பில் கையிலே இருக்கு, சரக்கு வந்தாச்சு, பணமும் குடுத்தாச்சு, எங்க கணக்கு அம்மா எப்பவும் போடுவாங்களே" என்று சொல்வார். போடக் கூடாது. 2பி-யில் இருப்பதை மட்டும் கழித்தால் கட்ட வேண்டியது 51,000, அதாவது மத்திய வரி 25,500, மாநில வரி 25,500. புத்தகத்தை வைத்துக் கழித்தால் 33,000 கட்டி முடித்துவிடலாம், ஆனால் 2பி-யை விடக் கூடுதலாக எடுத்திருக்கிறீர்கள் என்று டிஆர்சி-01சி நோட்டீஸ் வர வாய்ப்பு உண்டு. அதற்கு 7 நாளில் பதில் போடவில்லை என்றால் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போட முடியாமல் நின்றுவிடும். அந்த 18,000 எங்கும் போகாது, சப்ளையர் ஏற்றிய மாதத்தில் வரும். "2பி-யில் இல்லாததைத் தொடாதீர்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்பதை இரண்டு பேருக்கும் எழுத்திலேயே கொடுத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்றையும் அந்த இரண்டு பேரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏதோ காரணத்தால் 20-ந் தேதி தவறி, 30-ந் தேதிதான் போட முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். தாமதக் கட்டணம் நாளைக்கு 50 ரூபாய், பத்து நாளைக்கு 500. கட்ட வேண்டிய 51,000-க்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி, பத்து நாளைக்குச் சுமார் 250. ஆக மொத்தம் சுமார் 750 ரூபாய். தப்பான 3பி-யை அவசரமாக 20-ந் தேதி ராத்திரி போட்டுவிட்டால் அதைத் திரும்ப எடுத்துத் திருத்த வழியே கிடையாது, அடுத்தடுத்த மாதங்களில் சரிக்கட்டிக்கொண்டே போக வேண்டும். சந்தேகம் இருந்தால் நிறுத்திவைத்து உங்களைக் கேட்கட்டும், 750 ரூபாய் போனால் போகட்டும். இதற்காகத் தாமதம் செய்யலாம் என்று சொல்லவில்லை. தொடர்ந்து இரண்டு மாதம் 3பி நின்றால் இ-வே பில் எடுக்க முடியாமல் போகும், பைப் லாரி கிளம்பாது. ஒரு மாதத்தில் பத்து நாள் என்பது அந்த அளவுக்குப் போகிற விஷயம் இல்லை என்று மட்டும் தெரிந்தால் யாரும் பதற மாட்டார்கள்.

பணம் கட்டுவதை 18-ந் தேதியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சலான் போட்டால் 15 நாள் செல்லும். வங்கிக் கணக்கில் பணம் போய், போர்ட்டல் கேஷ் லெட்ஜரில் ஏறாமல் தொங்கும் கேஸ் அவ்வப்போது வருகிறது, 20-ந் தேதி மாலை அப்படி ஆனால் ஒன்றும் செய்ய முடியாது, 18-ந் தேதி ஆனால் மூச்சு விட நேரம் இருக்கும்.

நோட்டீஸ் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா நோட்டீஸும் ஒரே அவசரம் இல்லை. ரிட்டனில் வித்தியாசம் கேட்டு வரும் ஏஎஸ்எம்டி-10 என்றால் பொதுவாக 30 நாள் இருக்கும், நீங்கள் வரும்வரை தாங்கும். பதிவை ரத்து செய்யக் காரணம் கேட்கும் ஆர்இஜி-17, மேலே சொன்ன டிஆர்சி-01சி, அதன் கூடப்பிறந்த 01பி, இவையெல்லாம் 7 நாள் கணக்கு, தாங்காது. அதனால் வாரம் ஒரு தரம், திங்கட்கிழமை என்று வையுங்கள், மாற்று ஆள் சொல்ல கடைக்காரர் தன் லாகினில் `View Notices and Orders`, `View Additional Notices/Orders` இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும். இரண்டையும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று நினைத்தவர்கள் நிறைய. 01பி, 01சி இரண்டும் ரிட்டன் பகுதியில் `Return Compliance` என்ற இடத்தில் தெரியும், அங்கேயும் ஒரு பார்வை. எது வந்தாலும் போட்டோ எடுத்து உங்களுக்கும் மாற்று ஆளுக்கும் அனுப்பினால் போதும்.

சிலர் உங்களிடம் "காலாண்டு ரிட்டனுக்கு மாத்திவிட்டுட்டுப் போயிடுங்க, தொல்லை விட்டது" என்று யோசனை சொல்வார்கள். 5 கோடி வரை விற்பனை உள்ளவர்களுக்கு அந்த வசதி உண்டு, ஜனவரி காலாண்டுக்கு ஜனவரி 31 வரை விருப்பம் தெரிவிக்கலாம். ஆனால் அது ஜனவரி மாதத்திலிருந்துதான் செல்லும், டிசம்பர் 3பி எப்படியும் ஜனவரி 20-தான். ஒரு மாதப் பயணத்துக்காக அவருடைய முறையையே மாற்ற வேண்டாம்.

எல்லாவற்றையும் விட நான் வற்புறுத்திச் சொல்வது, ஒத்திகை. இப்போதிலிருந்து ஏற்பாட்டை ஆரம்பித்தால் டிசம்பர் 20-ந் தேதி 3பி-யை இந்தப் புது முறையில் போட்டுப் பார்த்துவிடலாம். மாற்று ஆள் தயார் செய்யட்டும், கடைக்காரர் போனுக்கு ஓடிபி வரட்டும், அவரே போடட்டும், நீங்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். ஓடிபி சில நிமிஷங்கள்தான் செல்லும், கடையில் கூட்டமான நேரத்தில் போனைக் கல்லாவில் வைத்துவிட்டு அவர் குடோனுக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். அப்படியானால் காலை கடை திறக்கும் முன் என்று நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

சரி, கடிதம். முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள், நம்பர் மாற்றப் போகும் அன்றே சொல்லலாம். பிரசவத்துக்குப் போகிறேன் என்றால் எந்த அண்ணனும் முகம் சுளிக்க மாட்டார். பேசிவிட்டு வந்த பிறகு கீழே இருப்பது போல எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அவர் மனைவியோ மகனோ கடையைப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து.

> அண்ணே, வணக்கம். நேரில் சொன்ன மாதிரி, மகள் பிரசவத்துக்காக ஜனவரி 7 சிங்கப்பூர் போகிறேன், பிப்ரவரி 7 ஊரில் இருப்பேன். நம்ம கடை வேலை எதுவும் நிற்காது, ஏற்பாடு இதுதான்.
>
> டிசம்பர் விற்பனை ரிட்டனை நான் போவதற்கு முன்பே நானே போட்டுவிடுவேன். அதற்கு டிசம்பர் 31 வரைக்குமான விற்பனை பில் ஜனவரி 3 சாயங்காலத்துக்குள் எனக்கு வேண்டும். கொள்முதல் பில்லும் பொங்கலுக்கு முன்னால், 10-ந் தேதிக்குள் முடித்துவிடுங்கள். தம்பி ஊருக்குப் போவதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள்.
>
> ஜனவரி 20-ந் தேதி கட்ட வேண்டிய வரியையும் ரிட்டனையும் நான் அறிமுகப்படுத்திய மேடம் தயார் செய்து, எவ்வளவு கட்ட வேண்டும் என்று 17-ந் தேதி உங்களுக்குச் சொல்வார்கள். 18-ந் தேதி பணத்தைக் கட்டிவிடுங்கள். ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வரும். அதை யாருக்கும் போனில் சொல்ல வேண்டாம், டிசம்பரில் செய்து பார்க்கப்போவது போலத் திரையில் தொகையைப் பார்த்துவிட்டு நீங்களே போடுங்கள். பாஸ்வேர்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், அந்த மேடத்துக்கே தேவை இல்லை.
>
> 2பி-யில் வராத பில்லுக்கு இந்த மாதம் வரி கழிக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். தொகை கொஞ்சம் கூடத் தெரிந்தால் அதுதான் காரணம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.
>
> இ-வே பில் எப்போதும் போலக் கடையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை திங்கட்கிழமை நோட்டீஸ் பக்கத்தைத் திறந்து பார்த்து, ஏதாவது இருந்தால் எங்கள் இருவருக்கும் போட்டோ அனுப்புங்கள். ஆபீஸிலிருந்து யாராவது நேரில் வந்தாலோ போன் பண்ணினாலோ முதலில் மேடத்தைக் கூப்பிடுங்கள், எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.
>
> வங்கி லோன் புதுப்பிப்பு, புதுக் கிளைப் பதிவு மாதிரி வேலைகளை பிப்ரவரி 10-க்கு அப்புறம் வைத்துக்கொள்வோம். இப்போதே ஏதாவது மனதில் இருந்தால் டிசம்பர் 15-க்குள் சொல்லிவிடுங்கள், முடித்துவிட்டே போகிறேன்.
>
> ஃபீஸ் வழக்கம் போல எனக்கே அனுப்புங்கள், மேடத்துக்கு நான் கொடுத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் செய்தி போட்டு வையுங்கள், அன்றைக்கே பார்க்க முடியும் என்று சொல்ல முடியாது, பார்த்ததும் பதில் போடுவேன். அவசரம் என்றால் மேடத்தை அழைப்பதுதான் சரி.

பிப்ரவரி 10 என்று மூன்று நாள் தள்ளிப் போட்டிருப்பது வேண்டுமென்றேதான். வந்த மறுநாளே எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள், உங்களுக்கோ 11-ந் தேதி ஜிஎஸ்டிஆர்-1 எல்லாக் கடைக்கும் நிற்கும்.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை, உங்கள் சொந்த பிராக்டிஷனர் லாகினும் வங்கியும் அந்த இந்திய சிம்மில்தான் இருக்கும், அதற்கு ரோமிங்கைப் போவதற்கு முன்பே போட்டுவையுங்கள், அங்கே போய் சிம்மைக் கழற்றாதீர்கள்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக மாற்று ஆள் போட்ட 3பி-யை டவுன்லோடு செய்து, கேஷ் லெட்ஜரையும் கிரெடிட் லெட்ஜரையும் பக்கத்தில் வைத்து ஒரு தரம் சரிபாருங்கள். பிப்ரவரி 14-ந் தேதி 2பி வந்ததும் அந்த மோட்டார் கம்பெனி பில் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறியிருந்தால் 18,000-ஐ அந்த மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அந்த அண்ணனை விட்டே கம்பெனிக்குப் போன் போடச் சொல்லுங்கள், அடுத்த ஆர்டர் கொடுக்கப் போகிறவர் கேட்டால்தான் அவர்கள் அசைவார்கள். அப்புறம் மாற்று ஆளை அதே பக்கத்தில் விடுவித்துவிடுங்கள். நம்பரையும் இமெயிலையும் மட்டும் திரும்ப உங்கள் பெயருக்கு மாற்றாதீர்கள், அது அவரிடமே இருக்கட்டும்.